தொழில் பத்திரிகைக்குப் பழுதை எழுதுங்கள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் சீல் தயாரிக்கிறீர்களா? தொழில் பத்திரிகைக்கு உங்கள் கம்பெனியைப் பற்றி எழுதாதீர்கள். ஆசிரியர் அதை விளம்பரமாகத்தான் பார்ப்பார். வாடிக்கையாளர் கொண்டுவந்த ஒரு பழுதை எழுதுங்கள். ஹைட்ராலிக் எண்ணெயில் கிடந்த ஓ-ரிங் ஏன் உப்பியது? அது ஈபிடிஎம் ரப்பர். மினரல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். நைட்ரைல் ரப்பருக்கு மாற்றியதும் கசிவு நின்றது. முன்னும் பின்னும் எடுத்த ரிங்கின் விட்டத்தின் அளவு, இரண்டு படம், இவ்வளவு போதும். அந்த வாடிக்கையாளரின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

முழுதாக எழுதும் முன் ஐந்து வரிச் சுருக்கம் அனுப்பி ஆசிரியரின் சம்மதம் வாங்குங்கள். கட்டுரையின் அடியில் வரும் அறிமுக வரியில் உங்கள் பெயர், வேலை, அப்புறம் இதற்கென்றே தொடங்கிய தனி மின்னஞ்சல் முகவரி இருக்கட்டும். அதற்கு வரும் விசாரணை கட்டுரையைப் படித்துவிட்டு வந்தது என்று உடனே தெரியும்.