புதுச் சில்டு வாட்டர் பைப்: தண்ணீர் தெளிந்தால் வேலை முடிந்துவிடாது

காரைக்குடிப் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு ஹோட்டல். ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோகும் ஆறு இஞ்ச் சில்டு வாட்டர் மெயினை, உள்ளே இருக்கும் குப்பை போகத் தண்ணீர் ஓட்டி ஃப்ளஷ் செய்துகொண்டிருந்தோம். ஃபோர்மேன் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வந்து, “பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு. காயில் வால்வைத் திறந்துடலாமா?” என்றார். பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று கேட்டேன். மணிக்கு 40 கனமீட்டர்.

இந்த வேலையில் முதல் தவறு இதுதான். அழுக்கைத் தள்ளுவது தண்ணீரின் அளவு அல்ல, வேகம். ஆறு இஞ்ச் பைப்பின் உள்விட்டம் 154 மில்லிமீட்டர், குறுக்குப் பரப்பு 0.0186 சதுரமீட்டர். அதில் 40 கனமீட்டர் ஓடினால் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர்தான். இரும்பின் மேலிருந்து உரியும் மில் ஸ்கேல், வெல்டிங் கசடு, மணல் எல்லாம் பைப்பின் அடியிலேயே படுத்துக்கொள்ளும், மேலே தெளிந்த தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். இந்த அளவு பைப்புக்கு நொடிக்குச் சுமார் 1.25 மீட்டராவது வேண்டும், அதாவது மணிக்கு 84 கனமீட்டர். டிசைன் வேகம் அதைவிட அதிகம் என்றால் அதையும் தாண்ட வேண்டும். பெரிய பம்ப் வந்து, மாடிக்கு ஏறும் ரைசர்களில் ஒன்றை மட்டும் திறந்துவைத்து ஓட்டினோம். அரை மணியில் ஸ்ட்ரெய்னர் கூடையில் கைப்பிடி அளவு கசடு. அதே “கண்ணாடித் தண்ணீர்” ஓடிய பைப்தான்.

எல்லா ரைசரையும் ஒரே நேரத்தில் திறந்தால் ஓட்டம் பங்கு போட்டுக்கொண்டு வேகம் செத்துவிடும். பகுதி பகுதியாகத்தான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் அல்ட்ராசானிக் மீட்டரை வெளியே கட்டி, வந்த எண்ணை எழுதிவைக்க வேண்டும். வேலையை எப்படிச் செய்வோம் என்று எழுதித் தரும் மெத்தட் ஸ்டேட்மெண்டில் “போதிய வேகத்தில் ஃப்ளஷ் செய்யப்படும்” என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

சரி, சின்ன பம்ப்பை ஏன் வைத்தார்கள்? தண்ணீருக்குப் பயந்துதான். மணிக்கு 84 கனமீட்டர் ஓட்டி வெளியே விட்டால், 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஒன்பது நிமிடத்துக்குக்கூட வராது. செட்டிநாட்டில் யார் இதற்குச் சம்மதிப்பார்கள்? ஆனால் வேகத்தைக் குறைப்பது தீர்வில்லை, தண்ணீரைச் சுழற்ற வேண்டும். முதலில் தாழ்ந்த இடத்து டிரெயின்களைத் திறந்து பெரிய குப்பையை வெளியேற்றிவிட்டு, ஒரு தொட்டியும் ஃபில்டரும் வைத்து அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் போதும்.

கூடையில் சிவப்பாக வருவதெல்லாம் துருவும் அல்ல. பைப் முனையை மூடாமல் தரையில் போட்டிருந்தால் நம்ம ஊர்ச் செம்மண்ணும் சேர்ந்து வரும். கசடைக் காயவைத்து ஒரு காந்தத்தைக் காட்டுங்கள்: மில் ஸ்கேலும் வெல்டிங்கில் தெறித்த இரும்புத் துளிகளும் ஒட்டும், செம்மண் பெரும்பாலும் ஒட்டாது. செம்மண்தான் வருகிறது என்றால் கெமிக்கலைக் கூட்டிப் பயனில்லை, ஃப்ளஷிங்கைத்தான் தொடர வேண்டும்.

அடுத்து கெமிக்கல். கிளீனர் ஓடி முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு “நாளைக்குப் பார்ப்போம்” என்று போய்விடுகிறார்கள். சுத்தமான இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் விடிவதற்குள் துரு ஆரம்பித்துவிடும். அலசும் தண்ணீரின் கண்டக்டிவிட்டி நிரப்பும் தண்ணீரின் அளவுக்கு இறங்கிய உடனே துருவைத் தடுக்கும் மருந்தான இன்ஹிபிட்டர் உள்ளே போயாக வேண்டும். ஹைட்ரோ டெஸ்ட் தண்ணீரைப் பல நாள் பைப்பிலேயே விட்டுவைப்பதும் இதே ரகம். கூடுதலாக அங்கே பாக்டீரியா குடியேறிவிடும்.

இன்ஹிபிட்டர் அளவை டிராயிங்கை வைத்துக் கணக்கிடாதீர்கள். நிரப்பும்போது வாட்டர் மீட்டர் போடுங்கள். அந்த ஹோட்டலில் மீட்டர் காட்டியது 6,000 லிட்டர், மருந்தும் அதற்கே போட்டார்கள். ஃப்ளஷிங்குக்காகப் பைபாஸ் செய்திருந்த காயில்களையும் சில்லரையும் அப்புறம் திறந்ததும் இன்னொரு 1,100 லிட்டர் சேர்ந்தது. மருந்தின் செறிவு 85 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் திறந்து சில மணி நேரம் சுழற்றிய பிறகு, பல இடங்களில் சாம்பிள் எடுத்து டெஸ்ட் கிட்டில் பார்த்து, குறைவதைச் சேர்க்க வேண்டும். காயில்களையும் தனியாக அலசிய பிறகே இணைக்க வேண்டும்.

நைட்ரைட் இன்ஹிபிட்டர் என்றால் பாக்டீரியாவைக் கொல்லக் குளோரின் ஊற்றக் கூடாது. குளோரின் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிவிடும், போட்ட மருந்து இரண்டுமே வீண். பாக்டீரியாவைக் கொல்லக் குளோரின் அல்லாத பயோசைடு போட்டு, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் டிப் ஸ்லைடில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்று மெத்தட் ஸ்டேட்மெண்டில் எழுதாமலேயே பலர் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பைப்பை வடிக்கிற நாளில்தான் அது ஞாபகத்துக்கு வருகிறது. அன்று கண்ணுக்குத் தெரிவது பக்கத்து வாய்க்கால், அது போய்ச் சேருவதோ ஊருணி. கழிவு லாரியை முன்னதாகவே பேசிவைத்து, எத்தனை நடை, யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் டிரெயின் வால்வில் கை வையுங்கள்.