பரணில் கிடக்கும் பழைய ஷூ: எதைக் கொடுக்கலாம், எதை அறுக்கலாம்?

ஏப்ரல் கடைசியில் சேலம் அஸ்தம்பட்டி வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு சாக்கு நிறையச் செருப்பும் ஷூவும் இறங்கின. மொத்தம் 11 ஜோடி. பையனுக்குச் சின்னதாகிப்போன கறுப்பு ஸ்கூல் ஷூ மூன்று, ஆபீஸ் தோல் ஷூ இரண்டு, ஸ்போர்ட்ஸ் ஷூ இரண்டு, ட்ரெக்கிங் ஷூ ஒன்று, ரப்பர் செருப்பு மூன்று. "அப்படியே ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் குடுத்துடுங்களேன்" என்றார் வீட்டில். நான் மறுத்துவிட்டேன். இதே வேலையை ஒரு தடவை செய்து சூடுபட்டவன் நான்.

அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தச் செய்முறை புரியும். சில வருஷங்களுக்கு முன் ஆறு வருஷம் டப்பாவிலேயே இருந்த ஒரு ட்ரெக்கிங் ஷூவை எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒருவருக்குக் கொடுத்தேன். நான்கைந்து முறைக்கு மேல் போட்டிருக்க மாட்டேன், பார்க்கப் புத்தம் புதுசு. மூன்றாம் நாள் சரிவில் இறங்கும்போது சோல் கேக் மாதிரி உதிர்ந்து, அடிப்பாகம் தனியாகக் கழன்று வந்துவிட்டது. நல்லவேளை, அவருக்கு அடி படவில்லை. பழசு புதுசு என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

முதல் படி: கேட்பது

சாக்கைப் பிரிப்பதற்கு முன் போன் போடுங்கள். ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் எனக்குத் தெரிந்த அக்காவிடம் கேட்டேன். "பசங்க ஷூ இருந்தா குடுங்க கண்ணு, ஜூன்ல ஸ்கூல் தொறக்குது. பெரியவங்களுக்கு அடி வழுக்காத ஷூ போதும். ஹீல்ஸு, மினுமினுப்பெல்லாம் இங்க எதுக்கு?" என்றார். மழை பிடித்தால் அங்கே காப்பிச் செடிகளுக்கு இடையில் இலைச் சருகு ஊறி வழுக்கும், அட்டையும் ஏறும். டவுனில் ஓடும் ஷூ எல்லாம் மலையில் ஓடாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவர் காலில் போட்டதைப் போட்டால் பீடை ஒட்டும் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தால் சனி தொலையும் என்று நம்புகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் வாங்குகிறவருக்கு இருக்கலாமே. "பழசுதான், உங்களுக்குச் சரின்னா எடுத்துட்டு வர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

இரண்டாம் படி: மூன்று சோதனை

ஷூவைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு வெளிச்சமான இடத்தில் உட்காருங்கள். ஒரு ஜோடிக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

முதலில் நகம். சோலின் பக்கவாட்டில், அடி ரப்பருக்கும் மேல்துணிக்கும் நடுவில் மெத்தென்று இருக்கும் பகுதியில் கட்டை விரல் நகத்தை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து திரும்ப எழும்பினால் நல்லது. பிசுபிசு என்று ஒட்டினாலோ, பொடியாக உதிர்ந்தாலோ, கோடு கோடாக வெடித்தாலோ அந்த ஷூ முடிந்தது. காரணம் இதுதான். பல ட்ரெக்கிங் ஷூவிலும் சில ஸ்போர்ட்ஸ், ஆபீஸ் ஷூவிலும் இந்தப் பகுதி பாலியூரித்தேன் என்ற நுரையால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதற்குள் புகுந்து பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். டப்பாவில் பூட்டி வைத்தாலும் சில வருஷத்தில் உள்ளுக்குள் செத்துவிடும். இன்னொரு வகை நுரை இ.வி.ஏ. அது இப்படி உதிராது, அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான். எது எந்த நுரை என்று நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நகமே சொல்லிவிடும்.

நகத்தில் தப்பித்தது என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூவை இரண்டு கையாலும் இருபது தடவை நன்றாக மடக்குங்கள். பிறகு நீங்களோ, அளவு சரியாக இருக்கும் வேறு யாராவதோ போட்டுக்கொண்டு மாடிப்படியில் கால் மணி நேரம் ஏறி இறங்க வேண்டும். வெளியில் தெரியாத வெடிப்பு அப்போது வாயைத் திறக்கும். தம்பி வாங்கி வைத்திருந்த ட்ரெக்கிங் ஷூ நகத்தில் பாஸ், பத்தாவது மடக்கில் குதிகால் பக்கம் பிளந்துகொண்டது.

அடுத்தது மேஜை. ஜோடியை மேஜைமேல் வைத்து, பின்பக்கமிருந்து கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நாம் நடக்கும் விதத்துக்கு ஏற்ப குதிகாலின் ஒரு ஓரம் அதிகம் தேயும். லேசான தேய்மானம் பரவாயில்லை. ஷூவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதைக் கொடுக்காதீர்கள். உங்கள் நடையின் சாய்வில் இன்னொருவர் காலை வைத்து நாள் முழுக்க நடக்கச் சொல்வது போலத்தான் அது, கணுக்காலும் முட்டியும் வலி எடுக்கும். என் ஸ்போர்ட்ஸ் ஷூ ஒன்று இதில்தான் அவுட்.

கடைசியாக ஒரு தீக்குச்சி. சோலின் பள்ளத்தில் மருந்துத் தலையைக் கீழாக வைத்து நிறுத்துங்கள். தலை முழுக்க உள்ளே போனால் பள்ளம் மலைக்குப் போதும். பாதி வெளியே தெரிந்தால் சேலத்துத் தார் ரோட்டுக்கு மட்டும்தான். என் தோல் ஷூ இரண்டுக்கும் அடி மழமழவென்று கண்ணாடி மாதிரி. மலைக்கு அவை வேண்டாம் என்று அங்கேயே ஒதுக்கிவிட்டேன்.

சோதனையெல்லாம் வேண்டாம், இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே சில ஜோடியை ஒதுக்கிவிடலாம்: போட்டவருக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்ததா? இருந்தால் அந்த ஷூ யாருக்கும் வேண்டாம். அந்தப் பூஞ்சை உள்ளே தங்கியிருந்து அடுத்த காலுக்கு ஏறும்.

மூன்றாம் படி: சுத்தம்

லேஸையும் உள்ளே உள்ள இன்சோலையும் கழற்றிவிடுங்கள். லேஸைச் சோப்பில் ஊற வைக்கலாம். இன்சோலை நான் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிப் போடுவேன். இன்னொருவர் பாத அச்சு பதிந்த இன்சோல்தான் பழைய ஷூவில் அருவருப்பைத் தருவது. துணி ஷூவைப் பழைய பிரஷால் தேய்த்துக் கழுவலாம். தோல் ஷூவில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் இரண்டு நாள் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் மட்டும் போடாதீர்கள். சேலத்து மே மாத வெயிலில் பசை இளகி, தோல் விறைத்து, நல்ல ஷூவும் வாய் பிளக்கும்.

நான்காம் படி: தைக்கிறவரிடம்

மூன்று ஸ்கூல் ஷூவில் ஒன்றுக்கு முன்பக்கம் முதலை மாதிரி வாய் திறந்திருந்தது. வீட்டிலேயே ஒட்டிவிடலாம் என்று முன்பு முயன்றிருக்கிறேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இந்தத் தடவை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் செய்ததைக் கவனித்தேன். பிளந்த இரண்டு பரப்பிலும் இருந்த பழைய பசையையும் மண்ணையும் அரத்தால் சுரண்டிச் சொரசொரப்பாக்கினார். சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவிவிட்டுச் சும்மா வைத்துவிட்டார். நான் "ஒட்டலீங்களா?" என்றேன். "காயட்டுங்க. ஈரத்துல ஒட்டினா பிடிக்காது" என்றார். பத்து நிமிஷம் போல ஆனதும், தொட்டால் விரலில் வராமல் லேசாக இழுக்கும் பதத்தில் சேர்த்து அழுத்திச் சுத்தியலால் தட்டினார். நான் வீட்டில் செய்த தப்பு அதுதான், தடவின கையோடு ஒட்டியது. அப்புறம் குத்தூசியால் சோல் ஓரமாகச் சுற்றித் தையல். "ஸ்கூல் பசங்க பந்து உதைப்பாங்க, வெறும் சொல்யூஷன் ஒரு மழைக்கு நிக்காதுங்க."

ஒட்டு விட்டுப் பிளந்திருந்தாலோ, தையல் அறுந்திருந்தாலோ தைக்கக் கொடுக்கலாம். சோல் குறுக்கே வெடித்திருந்தாலோ, மேல்தோல் மடிப்பில் கிழிந்து கால் தெரிந்தாலோ செலவு செய்யாதீர்கள். அப்படி மேல்தோல் வெடித்த என் ஆபீஸ் ஷூ ஒன்றைப் பெரியவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பின்பக்கத் தோல் நன்றாக இருந்தது, வேறு செருப்புக்கு ஒட்டுப்போட ஆகுமாம்.

ஐந்தாம் படி: கட்டுவது

ஷூவுக்கு உள்ளே குதிகாலிலிருந்து விரல்முனை வரை ஸ்கேலில் அளந்து சென்டிமீட்டரில் ஒரு சீட்டில் எழுதுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி 5 நம்பர் ஒரே அளவில் இருக்காது, அதனால் நம்பரை நம்ப வேண்டாம். வாங்குகிறவர் குழந்தையின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அளந்துகொண்டு, அதைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும் ஷூவை எடுத்தால் சரியாக இருக்கும். இரண்டு லேஸையும் சேர்த்து முடிபோட்டு ஜோடி பிரியாமல் கட்டுங்கள். பிளாஸ்டிக் கவரில் மூடாமல் துணிப்பையில் போடுங்கள். மலை ஈரத்தில் கவருக்குள் ஒரே வாரத்தில் பூசணம் வரும்.

கணக்கைச் சொல்கிறேன். ஸ்கூல் ஷூ மூன்றும் ஸ்போர்ட்ஸ் ஷூ ஒன்றும் மே மாதம் மேலே போயின. துடைத்த தோல் ஷூ, கேட்டுக்கொண்டு, பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு. தைக்கிறவரிடம் ஒன்று. மிச்சம் ஐந்து ஜோடி.

ஆறாம் படி: மிச்சம்

ரப்பர் செருப்பு ஒன்றுக்கு வார் மட்டும்தான் அறுந்திருந்தது, புது வார் போட்டுப் பாத்ரூமுக்கு வைத்துக்கொண்டோம். மற்ற இரண்டும் குதிகாலில் காகிதம் போலத் தேய்ந்தவை. தேயாத முன்பகுதியைச் சதுரமாக அறுத்து வாஷிங் மெஷின் காலுக்கு அடியில் வைத்தேன், அதிர்வு குறைந்தது. சாய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூவின் லேஸ் தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்ட. ஷூவை அப்படியே தோட்ட வேலைக்கு நானே வைத்துக்கொண்டேன்.

ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடியை வெட்டிப் புதுச் செருப்பாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கிரீன்சோல் என்ற அமைப்பு மும்பையில் இருக்கிறது. ஸ்ரீயான்ஸ் பண்டாரி, ரமேஷ் தாமி என்ற இரண்டு ஓட்டக்காரர்கள் தொடங்கியது. ஒரு ஜோடிக்காகக் கூரியர் செலவு செய்வதில் அர்த்தமில்லை, அபார்ட்மென்ட் முழுக்கச் சேர்த்தால் யோசிக்கலாம்.

ட்ரெக்கிங் ஷூவை என்ன செய்வது? மக்காத குப்பையில்தான். ஆனால் முழுசாகப் போடாதீர்கள். பார்க்க நன்றாக இருப்பதால் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு வழுக்கி விழக்கூடும். கத்தியால் மேல்பகுதியைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். வெந்நீர் அடுப்பில் பற்றவைக்கப் பழைய செருப்பைச் செருகும் பழக்கம் மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு. பல செருப்பில் இருக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அது கூடவே கூடாது.

அறுத்த செருப்பில் மிச்சமிருந்த துண்டுகளைப் பையன் எடுத்துப்போய் மூடியை வைத்து வட்டமாக வெட்டி, குச்சியில் குத்தி நான்கு சக்கர வண்டி செய்துவிட்டான். ஒற்றைச் செருப்பு ஒன்று மட்டும் பாக்கி. எதிர்வீட்டு லாரி டிரைவர் அண்ணன் அதைப் பார்த்ததும், "குடுங்க, வண்டிப் பின்னாடி திருஷ்டிக்குக் கட்டிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார்.