டிவியை அணைத்தால் கணக்கு மூடிவிடாது

சிங்கப்பூரில் வீவக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விட முடியும். அத்தனை மாதம் பார்த்துப் பழகிய டிவி, வீட்டுக்காரருடையது என்பதே மறந்துவிடுகிறது. சாவியைக் கொடுக்கும் நாளில் கட்டில், அலமாரி, மின்கட்டணம் எல்லாம் சரிபார்ப்போம். டிவிக்குள் கிடக்கும் நம் கணக்கை மட்டும் அப்படியே விட்டுவிடுவோம்.

ரிமோட்டில் அணைப்பதும் பிளக்கைப் பிடுங்குவதும் எதையும் வெளியேற்றாது. நெட்ஃபிளிக்ஸில் தன் புரொஃபைலை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். பார்த்த வரலாறு போய்விடும், ஆனால் கணக்கு திறந்தேதான் இருக்கும். டிவியில் நெட்ஃபிளிக்ஸ் மெனுவில் Get Help, அதற்குள் Sign out, இதுதான் சரியான வழி.

ஆனால் அதிகம் பேர் தவறவிடுவது வேறு இடத்தில். செங்காங்கில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வரவேற்பறையில் கூகுள் டிவி. முதல் நாளே கணவர் தன் ஜிமெயில் கணக்கைப் போட்டு டிவியைத் தொடங்கினார். காலி செய்யும்போது நெட்ஃபிளிக்ஸிலிருந்து ஒழுங்காக வெளியேறினார்கள். ஜிமெயில் கணக்கோ செயலியில் இல்லை, டிவியிலேயே இருந்தது. அடுத்து குடிவந்தவர் யூடியூபைத் திறந்தால் இவர்கள் தேடிய சமையல், பிள்ளையின் பாடம் எல்லாம் வரும். ஓய்வுத்திரைக்குக் கூகுள் போட்டோஸ் ஆல்பத்தை வைத்திருந்தால் குடும்பப் படங்களும் ஓடும். கட்டண அட்டை சேர்த்திருந்து, வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி அமைக்கவில்லை என்றால், அவர் நம் செலவில் படமும் வாங்கலாம்.

இதற்கு Settings-இல் Accounts & Sign In போய், கணக்கைத் தேர்ந்து Remove கொடுக்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு டிவியை முழுசாக ரீசெட் செய்வதே நல்லது. மறுபடி திறந்ததும் மொழியைத் தேர்வு செய்யச் சொன்னால், உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்துகொள்ளலாம். செந்தோசாவில் இரண்டு இரவு தங்கிய ஹோட்டலில் மட்டும் ரீசெட் வேண்டாம். அவர்கள் டிவியில் செய்து வைத்திருக்கும் அமைப்பும் சேர்ந்து போய்விடும். அங்கே கணக்கை மட்டும் நீக்குங்கள்.

சாங்கி போய்ச் சேர்ந்த பிறகு நினைவு வந்தால்? போனிலிருந்தே முடியும். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப் பக்கத்தில் Manage access and devices என்ற இடத்தில் அந்த டிவியைப் பார்த்து வெளியேற்றலாம். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியில் Your devices பட்டியல் இருக்கிறது. அதில் டிவியைத் தேடி வெளியேற்றுங்கள். ஒரே மாதிரி பெயரில் இரண்டு டிவி இருந்தால் கடைசியாகப் பயன்படுத்திய தேதியைப் பாருங்கள். அப்போதும் சந்தேகமாக இருந்தால் இரண்டையும் வெளியேற்றிவிட்டு, உங்கள் டிவியில் மட்டும் திரும்ப நுழைந்துகொள்ளலாம்.