மேலாளர் செய்வது திட்டமிடலா, கட்டுப்படுத்தலா? கொள்குறி வினாவில் பிரித்தறியும் முறை

திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் என்ற நான்கு மேலாண்மைப் பணிகளின் வரையறையும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சிக்கல், வினா ஒரு மேலாளரின் அன்றாட வேலையை விவரித்து "இது எந்தப் பணி?" என்று கேட்கும்போதுதான் வருகிறது.

படி 1: கருவியை அடித்துவிடுங்கள். கூட்டம், பட்ஜெட், அறிக்கை, கால அட்டவணை, தொலைபேசி அழைப்பு எல்லாம் கருவிகள். நான்கு பணிக்குமே இவை பயன்படும். அடுத்த ஆண்டுக்குப் பட்ஜெட் போடுவது திட்டமிடல். அதே பட்ஜெட்டை எடுத்து வைத்து இந்த மாதச் செலவு எவ்வளவு மீறியது என்று பார்ப்பது கட்டுப்படுத்தல். பென்சிலால் கருவியை அடித்துவிட்டு, எதற்காகச் செய்தார் என்று சொல்லும் பகுதியை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

படி 2: முதலில் கட்டுப்படுத்தலைத் தேடுங்கள். பாடநூல் வரிசையில் இது கடைசி. விடை தேடும்போது இதிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் இதன் அடையாளம்தான் மிகத் தெளிவானது. இருக்கவேண்டிய அளவு ஒன்று, உண்மையில் இருக்கும் நிலை ஒன்று, இரண்டையும் ஒப்பிடும் செயல். மூன்றும் இருந்தால் வேறு விடை தேட வேண்டாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். "வேலைக்கு முன்பு நடந்தால் திட்டமிடல், பின்பு நடந்தால் கட்டுப்படுத்தல்" என்று நேரத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். பால் பண்ணைக்கு வரும் பாலை, உற்பத்தி தொடங்கும் முன்பே லாக்டோமீட்டர் வைத்துச் சோதித்து, தரத்துக்குக் குறைந்ததைத் திருப்பி அனுப்புகிறார் மேலாளர். வேலைக்கு முந்தைய செயல்தான், ஆனாலும் கட்டுப்படுத்தல். வகுத்த தரத்தோடு வந்த பாலை ஒப்பிடுகிறார் அல்லவா? இதற்கு முன்கூட்டிய கட்டுப்பாடு என்று பெயர். வேலை நடக்கும்போதே ஒப்பிட்டுத் திருத்துவதும் கட்டுப்படுத்தலே.

படி 3: ஒப்பீடு இல்லையென்றால் மூன்று கேள்விகள். எதை, எப்போதைக்குள் அடைவது என்று முடிவாகிறதா? திட்டமிடல். எந்த வேலை யாருக்கு, எந்த வசதியோடு, யாருக்குக் கீழே என்று அமைக்கப்படுகிறதா? ஒழுங்கமைத்தல். ஆட்களின் மனம், ஊக்கம், புரிதல் மாறுகிறதா? வழிநடத்தல்.

ஒரு வினாவைப் போட்டுப் பார்ப்போம்.

"சூப்பர் மார்க்கெட் மேலாளர் திங்கள் காலை காசாளர்களைக் கூட்டுகிறார். ஒரு வாடிக்கையாளருக்குப் பில் போட 4 நிமிடம் என்று வைத்திருந்ததை நினைவூட்டி, சென்ற வாரச் சராசரி 7 நிமிடம் என்று காட்டுகிறார். காரணம் கேட்டு, பழுதான ஸ்கேனரை மாற்றச் சொல்கிறார்."

ஆட்களைக் கூட்டிப் பேசுகிறாரே என்று 'வழிநடத்தல்' பக்கம் கை போகும். கூட்டத்தை அடித்துவிடுங்கள். 4 என்பது வகுத்த அளவு, 7 என்பது நடந்தது, ஸ்கேனரை மாற்றுவது திருத்தம். விடை கட்டுப்படுத்தல்.

இனி அதே கூட்டத்தில் வாக்கியத்தை மட்டும் மாற்றுவோம். "தீபாவளி வாரத்துக்குள் இதை 3 நிமிடமாக்க வேண்டும் என்று இலக்கு வைக்கிறார்" என்றால் திட்டமிடல். "மாலை நெரிசலுக்கு இரண்டு காசாளர்களை ஒதுக்கி, அவர்கள் ஷிப்ட் மேற்பார்வையாளரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்கிறார்" என்றால் ஒழுங்கமைத்தல். "சோர்ந்திருந்தவர்களின் குறையைக் கேட்டு, அவர்களது உழைப்பை எல்லார் முன்பும் பாராட்டுகிறார்" என்றால் வழிநடத்தல்.

முக்கியச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'ஒதுக்குதல்' என்றால் ஒழுங்கமைத்தல் என்று பட்டியல் சொல்லும். ஆனால் அடுத்த ஆண்டு விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்வது திட்டமிடல். சொல் ஒன்றுதான், நோக்கம் வேறு.

ஒரே வினாவில் இரண்டு பணி கலந்திருந்தால்? மேலே சொன்ன வினாவில், ஸ்கேனரை மாற்றுவதற்குப் பதிலாக ஒரு காசாளரை வேறு கவுன்ட்டருக்கு மாற்றினாலும் விடை கட்டுப்படுத்தல்தான். 7 நிமிடம் என்ற குறையைச் சரிசெய்யத்தான் அந்த மாற்றம். குறை கண்டு திருத்துவது கட்டுப்படுத்தலின் கடைசிக் கட்டம். ஒப்பீடே இல்லாமல் ஆள் மாற்றம் மட்டும் சொல்லப்பட்டால் அது ஒழுங்கமைத்தல்.

பின்சேர்க்கை: ஆள் தேர்வு எதில் சேரும் என்று பலரும் கேட்பதால் இதையும் சேர்க்கிறேன். விடைத் தெரிவுகளைப் பாருங்கள். அங்கே 'பணியமர்த்தல்' தனியாக இருந்தால் ஆள் எடுப்பதும் பயிற்சி தருவதும் அதில் சேரும். நான்கு பணிகள் மட்டுமே இருந்தால் ஆள் எடுத்து இடத்தில் அமர்த்துவதற்கு ஒழுங்கமைத்தல் என்று குறியுங்கள். சில நூல்களில் வழிநடத்தலுக்கு 'இயக்குதல்' என்று பெயர். மேலாண்மை அறிஞர் ஹென்றி ஃபயோல் 1916இல் எழுதிய பட்டியலிலோ பணிகள் ஐந்து: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். வினாவில் ஃபயோல் பெயர் இருந்தால் அந்த ஐந்துக்குள்தான் விடையைத் தேட வேண்டும்.