துபாய் சம்பளத்துக்கு இங்கே வரியா?

பன்னிரண்டு வருட துபாய் வேலையை முடித்து 2023 ஆகஸ்டில் ஊர் திரும்பினேன். அந்த நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் இந்தியாவில் இருந்ததால் நான் 'ரெசிடென்ட்' என்று ஆடிட்டர் சொன்னார். அதனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை வாங்கிய துபாய் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டார்.

ரெசிடென்ட் என்பதோடு கேள்வி முடியாது. முந்தைய 10 நிதியாண்டுகளில் 9 ஆண்டுகள் என்ஆர்ஐயாக இருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மிகாமல் இந்தியாவில் தங்கியிருந்தாலோ 'ஆர்என்ஓஆர்' நிலை கிடைக்கும்; அதாவது ரெசிடென்ட்தான், ஆனால் வெளிநாட்டில் ஈட்டிப் பெற்ற சம்பளம், வட்டிக்கு இங்கே வரி இல்லை. ஒன்று பொருந்தினாலே போதும். வருடம் ஒரு மாத விடுமுறைக்கு மட்டும் வந்த எனக்கு இரண்டுமே பொருந்தின. பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து ஆண்டுவாரியாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ITR-2 படிவத்தில் நிலையை மாற்றியதும் துபாய் சம்பளமும் அங்குள்ள வங்கி வட்டியும் வரிக்கணக்கிலிருந்து விலகின.

ஆனால் அந்தச் சம்பளம் முதலில் துபாய் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். நேராக இந்தியக் கணக்கில் வரவானால் இங்கே பெற்ற வருமானமாகிவிடும். எனக்கு அங்கேதான் வந்தது, அப்புறம்தான் ஊருக்கு அனுப்பினேன். இங்குள்ள வாடகைக்கு எப்படியும் வரி உண்டு. பலர் கவனிக்காதது, என்ஆர்ஐயாக இருந்தபோது இங்கே வைத்திருந்த என்ஆர்இ வங்கிக் கணக்கின் வட்டி: நிரந்தரமாகத் திரும்பிய நாளிலிருந்து அதற்கு வரிவிலக்கு கிடையாது. அந்த வட்டியைச் சேர்த்தே தாக்கல் செய்தோம்.

அடுத்த ஆண்டும் ஆர்என்ஓஆர்தான். மூன்றாம் ஆண்டில் இரண்டு நிபந்தனைகளும் தவறின. அந்த ஆண்டிலிருந்து துபாய் வட்டிக்கும் இங்கே வரி கட்டி, அந்த வங்கிக் கணக்கைப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான Schedule FA பகுதியில் காட்டுகிறேன்.