தட்டுப் படத்தைப் பார்த்து மாவுச்சத்தை மதிப்பிடுவது எப்படி?

அப்பாவுக்குச் சர்க்கரை. அவர் ஊரில் இருக்கிறார், நான் வெளியூரில். மதியச் சாப்பாட்டைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவார், நான் மாவுச்சத்து எவ்வளவு என்று சொல்லுவேன். முதல் இரண்டு வாரம் நான் சொன்னது எல்லாமே குறைவு. ஏன் என்று கண்டுபிடித்த கதைதான் இது.

முதலில், பிசைவதற்கு முன் படமெடுங்கள். குழம்பு ஊற்றிவிட்டால் சோறு எங்கே முடிகிறது என்றே தெரியாது. தட்டுக்கு நேர் மேலே இருந்து ஒரு படம், சாய்வாக ஒரு படம். மேல்படத்தில் சோற்றுக்குப் பக்கத்தில், தட்டுக்குள்ளேயே, கழுவிய 10 ரூபாய் நாணயம் ஒன்று இருக்கட்டும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். மேசையில் வைத்தால் தட்டைவிடத் தள்ளியிருப்பதால் கொஞ்சம் சிறிதாகத் தெரியும். சிலர் ஏடிஎம் அட்டையை வைக்கிறார்கள். எண் தெரிகிற அட்டையைப் படமெடுத்து அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

படத்தைத் திரையில் பெரிதாக்கி ஸ்கேலால் அளங்கள். அப்பாவின் ஒரு படத்தில் நாணயம் 9 மி.மீ., சோற்றுக் குவியல் 47 மி.மீ. 47ஐ 9ஆல் வகுத்து 2.7ஆல் பெருக்கினால் குவியலின் அகலம் 14 செ.மீ. இதில் சிக்கலே இல்லை.

சிக்கல் உயரத்தில்தான். சாய்வுப் படத்தில் குவியல் இரண்டரை செ.மீ. உயரம் என்று கணக்கிட்டேன். எவர்சில்வர் தட்டின் விளிம்பு ஒன்றரை செ.மீ. எழுந்து நிற்கிறது, அது குவியலின் அடிப்பகுதியை மறைத்துவிடுகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. உண்மையான உயரம் 4 செ.மீ.

இதற்கு நான் கண்ட வழி பல்குத்தும் குச்சி. முன்கூட்டியே அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் குச்சி 6.5 செ.மீ. குவியலின் உச்சியில் தட்டில் முட்டும்வரை நேராகக் குத்துங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இரண்டரை செ.மீ. என்றால் உள்ளே போனது 4. படமெடுத்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இனி கணக்கு. மேலே உருண்டையாக இருக்கும் குவியலுக்கு, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் போதும். ஆரம் 7, எனவே 7 × 7 × 3.14, அதாவது 154. அதை 4ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 308 மில்லிலிட்டர். எங்கள் வீட்டுச் சோறு 200 மில்லி கிண்ணத்துக்கு 150 கிராம் நிற்கிறது. உங்கள் அரிசிக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், குழைந்த சோறு இன்னும் கனக்கும். அப்பாவின் தட்டில் சோறு சுமார் 230 கிராம். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம், ஆக 64 கிராம். இரண்டரை செ.மீ. உயரத்தை நம்பி நான் சொல்லியிருந்தது 40!

மற்றவற்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். உருளைக்கிழங்குப் பொரியல் ஒரு சிறு கரண்டிக்கு 15 கிராம், பருப்பு நிறைய போட்ட சாம்பார் ஒரு கிண்ணத்துக்கு 10, தயிர் 100 கிராமுக்கு 4 அல்லது 5 என்று வைத்துக்கொள்கிறேன். கீரை, ரசத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. அன்றைய தட்டு மொத்தம் 93. அப்பாவிடம் "90 சுமார், 80க்கும் 105க்கும் நடுவில் இருக்கும்பா" என்றேன். ஒற்றை எண்ணாகச் சொன்னால் அதை அவர் துல்லியம் என்று நம்பிவிடுவார்.

கருவி என்று வாங்குவதானால் ஒரு சாதாரண டிஜிட்டல் தராசு வாங்குங்கள். முதல் பத்து நாள், முதலில் படத்தில் ஊகித்துவிட்டு அப்புறம் சோற்றை நிறுத்துப் பார்த்தோம். கண் பழகியது அப்படித்தான்.

பின்சேர்க்கை: ஒருவர் தனக்குச் சோறு 230 கிராமுக்கு 180 கிராம் மாவுச்சத்து வருகிறதே என்று கேட்டிருந்தார். அவர் அரிசி மூட்டையில் போட்டிருந்த எண்ணை எடுத்திருக்கிறார். அது வேகாத அரிசிக்கானது, 100 கிராமுக்கு 78 கிராம் அளவில் இருக்கும். வெந்ததும் தண்ணீர் குடித்து எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடுகிறது.

இன்னொருவர் ஓட்டலில் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த சோற்றைப் பற்றிக் கேட்டார். அங்கே பாதியாக்கும் கணக்கு செல்லாது. கிண்ணத்தின் கொள்ளளவையே எடுங்கள், அமுக்கியிருப்பதால் ஒவ்வொரு மில்லியும் ஏறக்குறைய ஒரு கிராம் என்று கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்கள் இந்தப் பட மதிப்பீட்டை மட்டும் வைத்து அளவை மாற்றாதீர்கள். 25 கிராம் பிழை எவ்வளவு சுலபமாக வந்தது என்று மேலே பார்த்தீர்களே. அவர்கள் சோற்றை நிறுத்து, அந்த எண்ணோடு மருத்துவரிடம் பேசுவதுதான் சரி.