பேங்க் லாக்கர்: நாமினி போட்டாச்சு, அது போதும்னு நினைச்சு நாங்க செஞ்ச தப்புகள்

எங்க சித்தப்பா குடும்பம் பெங்களூர் அல்சூர்ல முப்பது வருஷத்துக்கும் மேல இருக்காங்க. சித்தியோட நகை, பொண்ணுக்குன்னு சேர்த்தது, வீட்டுப் பத்திரம் எல்லாமே வீட்டுப் பக்கத்துல இருக்கிற ஒரு பேங்க் லாக்கர்ல இருந்துச்சு, லாக்கர் சித்தப்பா பேர்ல மட்டும்தான், சித்தி நாமினி. நாமினி இருக்குல்ல, அப்புறம் என்ன பயம்னுதான் எல்லாரும் நினைச்சோம்.

ரெண்டு வருஷம் முன்னாடி சித்தப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஐசியூல சேர்த்தோம். அட்வான்ஸ் கட்டணும், கையில இருந்த காசு பத்தல, நகையை எடுத்து அடகு வெச்சுடலாம்னு சித்தி சாவியைத் தூக்கிட்டுப் போனாங்க. பேங்க்ல திறக்க விடல. "நாமினி நான்தானே"ன்னு சித்தி கேட்டதுக்கு அந்த ஆபீசர் நிதானமாத்தான் சொன்னாராம், "அம்மா, அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் நாமினிக்கு இந்த லாக்கர்ல எந்த உரிமையும் கிடையாது"ன்னு. அவர் சொன்னது சட்டப்படி சரி. நாமினியோட பங்கு லாக்கர் எடுத்தவர் இறந்த பிறகுதான் ஆரம்பிக்குது. சுயநினைவு இல்லாம படுத்திருக்கிறவரால கையெழுத்தும் போட முடியாது, அதனால அந்த பன்னெண்டு நாளும் நகை அங்கயே பூட்டிக் கிடந்துச்சு, நாங்க கடன் வாங்கித்தான் பில் கட்டினோம்.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து ஜாயின்ட்டா எடுத்திருந்தா இந்த நிலைமையே வந்திருக்காது. அதுலயும் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். யாராவது ஒருத்தர் வந்து திறக்கலாம், ஒருத்தர் போனா மிச்சம் இருக்கிறவர் திறக்கலாம்ங்கிற 'ஐதர் ஆர் சர்வைவர்' முறையில போட்டிருக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறக்கலாம்னு எழுதிக் கொடுத்திருந்தா ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்கும்போது இன்னொருத்தரும் நிக்க வேண்டியதுதான், ஒருத்தர் இறந்துட்டா மிச்சம் இருக்கிறவரும் நாமினியும் சேர்ந்துதான் வரணும்.

சித்தப்பா பிழைக்கல. காரியம் எல்லாம் முடிஞ்சு சித்தி மறுபடி பேங்க் போனப்பதான் அடுத்த தப்பு தெரிஞ்சுது. நாமினேஷன் ஃபார்ம்ல சித்தி பேருக்கு முன்னாடி சித்தப்பாவோட இனிஷியல், ஆதார்ல அவங்க அப்பாவோட இனிஷியல். நம்ம தமிழ் வீடுகள்ல இது சாதாரணம், கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு எழுதுவோம், ஆனா இது ரெண்டும் ஒரே ஆள்தான்னு பேங்க்குக்கு எப்படித் தெரியும்? கல்யாணப் பதிவு சான்றிதழ், ஒரு அஃபிடவிட் எல்லாம் கொடுத்து சரி பண்ண மூணு வாரம் ஓடிடுச்சு. ஃபார்ம் கொடுக்கும்போதே நாமினியோட போட்டோவையும் லாக்கர்காரர் கையெழுத்தோட கொடுத்து வைக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதியிலயே இருக்கு, கட்டாயம் இல்லைங்கிறதால யாரும் கேக்கறதில்ல, நாமளும் கொடுக்கறதில்ல.

பேர் சரியா இருந்தா வேலை நிஜமாவே சுலபம். இறப்புச் சான்றிதழ், நாமினியோட அடையாள அட்டை, க்ளெய்ம் ஃபார்ம், லாக்கர் சாவி, அவ்வளவுதான். நாமினேஷன் ஒழுங்கா இருக்கும்போது வாரிசுச் சான்று கொண்டு வா, ஜாமீனுக்கு ஆள் கொண்டு வான்னு பேங்க் கேக்கக்கூடாது. பேப்பர் எல்லாம் சரியா போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள்ள க்ளெய்மை முடிவு பண்ணி எந்தத் தேதிக்கு வரணும்னு சொல்லணும். அந்தத் தேதியில நாமினி, லாக்கர் பிரிவைச் சேராத ஒரு பேங்க் ஆபீசர், வெளி ஆளுங்க ரெண்டு பேர் சாட்சி, இவங்க முன்னாடி லாக்கரைத் திறந்து உள்ள என்னென்ன இருக்குன்னு ஒண்ணொண்ணா பட்டியல் எழுதுவாங்க. எடுத்து முடிச்சதும் லாக்கர் காலி, இனி வேற யாருக்கு வேணா கொடுத்துக்கோங்கன்னு நாமினி எழுதிக் கொடுக்கணும். சாவி காணாமப் போயிருந்தா உடைச்சுத் திறக்கிற செலவு நம்ம தலையிலதான்.

சீல் வெச்ச பாக்கெட் இருந்தா அதை அவங்க பிரிக்க மாட்டாங்க, "மூடின பாக்கெட் ஒண்ணு"ன்னுதான் எழுதுவாங்க. எங்க சித்தப்பா லாக்கர்ல அவரோட தங்கச்சி, அதாவது எங்க அத்தை கொடுத்து வெச்ச ஒரு மூட்டை இருந்துச்சு, உள்ள எத்தனை பவுன்னு அத்தை ஒரு கணக்கு சொன்னாங்க, சித்தி ஒரு கணக்கு சொன்னாங்க, எழுத்துல ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் பொய் சொல்றவங்க இல்ல, ஆனா ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம போயிடுச்சு. அடுத்தவங்க நகையை நம்ம லாக்கர்ல வைக்கிறதா இருந்தா எடை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு காப்பி வெச்சுக்கோங்க.

நாமினிக்குக் கிடைக்கிறது எடுக்கிற அதிகாரம்தான், அது சொத்துரிமை ஆகிடாது. சித்தி எடுத்தது வாரிசுகள் சார்புல, யாருக்கு எவ்வளவுங்கிறதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் முடிவு பண்ணும். பிள்ளைகள்ல ஒருத்தரை மட்டும் நாமினியா போட்டுட்டு மத்தவங்ககிட்ட இதை விளக்காம விட்டா எவ்வளவு மனஸ்தாபம் வரும்னு சொல்லவே வேண்டாம்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். வாடகை கட்டறோமே, உள்ள இருக்கிறதுக்கு பேங்க் பொறுப்புன்னு நிறைய பேர் நம்பறாங்க. உள்ள என்ன இருக்குன்னே பேங்க்குக்குத் தெரியாது, அதை அவங்க இன்ஷூர் பண்றதும் இல்ல. 2022 ஜனவரி 1ல இருந்து இருக்கிற விதிப்படி தீ, திருட்டு, கொள்ளை, கட்டிடம் இடியறது, பேங்க் ஊழியரோட மோசடி, இதுல ஏதாவதால போனா வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைக்கும்தான் பேங்க்கோட பொறுப்பு. சித்தப்பா லாக்கருக்கு வாடகை வருஷம் 4,000 ரூபா, அப்போ 4 லட்சம். உள்ள இருந்தது 40 பவுன், 320 கிராம். கணக்குக்காக கிராம் 10,000ன்னு வெச்சாலும் 32 லட்சம், எட்டுல ஒரு பங்குதான் திரும்பி வரும். வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னல் மாதிரி இயற்கைச் சீற்றத்துல போனா அதுவும் கிடையாது. ஒரு மழைக்கே தண்ணி நிக்கிற ஏரியாவுல, அதுவும் பேஸ்மென்ட்ல லாக்கர் அறை இருந்தா நான் எடுக்க மாட்டேன். மிச்ச மதிப்புக்கு வீட்டு இன்ஷூரன்ஸ்லயே லாக்கர் நகைக்கும் சேர்த்து பாலிசி எடுக்கலாம், ஆனா பாலிசியில லாக்கர்னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க, நகை பில், மதிப்பீட்டுச் சான்று, போட்டோ மூணையும் லாக்கருக்கு வெளியில வைங்க. ரொக்கம் வைக்கவே வேண்டாம், இப்போ இருக்கிற அக்ரிமென்ட்லயே அதுக்கு அனுமதி இல்ல.

வாடகை தொடர்ந்து 3 வருஷம் கட்டலைன்னா பேங்க் நோட்டீஸ் கொடுத்துட்டு லாக்கரை உடைக்கலாம். ஒருத்தர் இறந்தது தெரிஞ்சதும் அவர் கணக்குல இருந்து தானா போற வாடகை நின்னுடும், வீட்டுல யாருக்கும் அது தெரியாது, அப்படித்தான் பாக்கி ஏறுது. வாடகை ஒழுங்கா போனாலும் 7 வருஷம் திறக்காம, ஆளும் கிடைக்காம இருந்தாலும் இதே கதைதான்.

இப்போ சித்தியும் அவங்க பொண்ணும் ஐதர் ஆர் சர்வைவர் முறையில புது லாக்கர் எடுத்திருக்காங்க. 2025 நவம்பர் 1ல இருந்து லாக்கருக்கு ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர்னு வரிசையா நாலு நாமினி வரைக்கும் போடலாம், பங்கு பிரிச்சு போட முடியாது, முதல் ஆள் இல்லாம போனாத்தான் ரெண்டாவது ஆளுக்கு வரும். சித்தி ரெண்டு பேரைப் போட்டாங்க, பேரு ஆதார்ல இருக்கிற மாதிரியே எழுத்து எழுத்தா பார்த்து. பேங்க் கொடுத்த நாமினேஷன் ரசீதோட போட்டோவை எனக்கும் அனுப்பி வெச்சிருக்காங்க.